மரக்கறிக் கடையின் கொப்பி

ஆசிரியருக்கு,

திருகோணமலைச் சந்தையில் மரக்கறி விற்கும் அக்கா ஒருவருக்கு வங்கி சிறுகடன் கொடுத்திருக்கிறது. அவர் காட்டியது ஒரு கொப்பி. தம்புள்ளைச் சரக்குக்கு 18,000, லொறிக்கூலி 1,200, கைக்கு வந்த விற்பனைக் காசு 22,500, மிச்சம் 3,300 என்று ஒவ்வொரு இரவும் எழுதியிருந்தார். அந்த மிச்சத்தில் வீட்டுக்கு எடுத்த 1,500உம் தனியாக இருந்தது. கடைக்காசும் வீட்டுக்காசும் ஒரே பையில் கிடந்தால் தவணை கட்ட எவ்வளவு மிஞ்சும் என்று யாருக்குத் தெரியும்? கடனுக்கு வாங்கிப்போனவர்களுக்கு வேறு பக்கம். தக்காளி அழுகி நட்டப்பட்ட நாட்களையும் மறைக்கவில்லை. அதிகாரி அவற்றைத்தான் கூடநேரம் பார்த்தாராம். கேட்டதிலும் குறைவாகவே கடன் கிடைத்தது. வியாபாரம் படுத்த மாதத்திலும் கட்டக்கூடிய தவணை என்பதால் அது சரிதான்.

வாசகர்,
உப்புவெளி