அழித்ததை ஏன் வைத்திருக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் 'அழித்த பதிவையும் பதுக்கி வைக்கும் நிறுவனங்கள்' என்று எழுதியிருந்தீர்கள். 'பதுக்கி' என்ற சொல்லைப் படித்ததும் காபியைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் நடந்ததோ நேர்மாறு. பதுக்கி வைக்காததால்தான் வழக்கு நின்றுபோனது.

என் தங்கை மகள் கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கிறாள். அவள் முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டி, போலிக் கணக்கில் யாரோ போட்டுவிட்டார்கள். புகார் செய்தோம். ஆடிப்பெருக்குக்கு மறுநாள், ஆகஸ்ட் 4 அன்று, அந்த நிறுவனம் படத்தை நீக்கியது. சனியன் ஒழிந்தது என்று நிம்மதியானோம். அங்கேதான் தப்பு.

தங்களுக்குத் தெரியாததா? 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, புகாரின் பேரில் நீக்கிய பதிவையும் அது சார்ந்த விவரங்களையும் விசாரணைக்காக 180 நாள் சிதைக்காமல் வைத்திருக்க வேண்டும். 2011 விதிகளில் அது 90 நாள்தான். நீதிமன்றமோ அதிகாரம் உள்ள அரசு அமைப்போ கேட்டால் அதற்கு மேலும் வைக்க வேண்டும். வைப்பது என்றால் ஊருக்குக் காட்டுவதல்ல. பொதுப்பார்வையில் அது கிடையாது. போட்டவர் யார், எப்போது, எந்த இணைப்பிலிருந்து என்று காவல்துறை முறைப்படி கேட்டால் எடுத்துக் கொடுக்கத்தான். பதிவு போனதோடு அதுவும் போனால், குற்றவாளி தன் கையாலேயே சாட்சியை அழித்த மாதிரி ஆகாதா?

எங்கள் கதைக்கு வருகிறேன். உள்ளூர் ஸ்டேஷனில் 'சைபர் கிரைமுக்குப் போங்க' என்றார்கள். அங்கே 'முதல்ல உள்ளூர்ல எழுதிக் கொடுங்க' என்றார்கள். இப்படி நடந்து நடந்து தீபாவளி போனது, பொங்கலும் போனது. 180 நாள் ஜனவரி 31-ஓடு முடிந்தது. 'அழிக்காமல் வையுங்கள்' என்று காவல்துறை கடிதம் எழுதியது பிப்ரவரி 10-இல். 'அந்த விவரம் எங்களிடம் இல்லை' என்று பதில். பத்தே நாள்! ஆகஸ்டிலேயே அந்தக் கடிதம் போயிருந்தால், வழக்கு முடியும்வரை எல்லாம் அப்படியே இருந்திருக்கும்.

இன்னொன்று. போட்டவனே முந்திக்கொண்டு அழித்துவிட்டால் இந்த 180 நாள் கணக்கு உதவாது. அது நிறுவனம் நீக்கியதற்குத்தான். அப்போது கடிதம் எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தங்கள் இதழுக்கு இதெல்லாம் சின்ன விஷயமாக இருக்கலாம். மேட்டூர் திறந்தால் பூத்தூவும் படம் முதல் பக்கத்தில் வருகிறது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று நான் எழுதியதை இரண்டு வரியாக நறுக்கினீர்கள். அதையும் மறக்கவில்லை.

அதிகம் கேட்கவில்லை. 180 நாள் கணக்கை, புகார் கொடுத்த அன்றே 'அழிக்காமல் வைக்கச் சொல்லிக் கடிதம் அனுப்புங்கள்' என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதை, ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். ராசிபலனுக்குப் பக்கத்திலானாலும் சரி.

இப்படிக்கு,
பாபநாசம் வட்டத்து வாசகர் ஒருவர்