நீல உறையில் இருக்கும் கடன்

சென்-ஆந்த்ரே, ரெயூனியன் தீவு
நவம்பர் 2025

அன்புள்ள கண்ணம்மா,

நல்லாயிருக்கியா? குழந்தைக்கு இருமல் விட்டுதா? மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்டால் நீ பேச்சை மாற்றுகிறாய், அதனால் கேட்கவில்லை. ஜூலையிலிருந்து நீ மாசாமாசம் அனுப்புவது வரவில்லை. அதைக் கேட்கவும் இந்தக் கடிதம் எழுதவில்லை. உனக்கு அங்கே என்ன செலவோ, நான் கணக்குக் கேட்கிற அம்மா இல்லை. எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. அதற்கு உன் சம்மதம் வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

கராந்ஸ் புயல் பிப்ரவரியில் வந்து போனது, பின்கட்டுக் கூரையில் இன்னும் தார்ப்பாய்தான். மழைக்காலம் மறுபடி வாசலுக்கு வந்துவிட்டது. தகரம், மரச்சட்டம், ஆள்கூலி எல்லாம் சேர்த்து இருபதாயிரம் யூரோ ஆகும் என்கிறார்கள். பென்ஷனில் அது நடக்காது. ஒரு வங்கி "பிரே வியாழே இப்போதேகேர்" என்ற கடனுக்கு எழுத்து மூலம் ஒப்பர் அனுப்பியிருக்கிறது. தமிழில் தலைகீழ் அடமானம் என்று சொல்கிறார்கள். நீல உறையில் போட்டு அப்பா படத்துக்குக் கீழே இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஒப்பர் கைக்கு வந்து பத்து நாள் ஆவதற்கு முன் சம்மதம் சொல்லக்கூடாது என்பது சட்டம். அந்தப் பத்து நாளில்தான் இதை எழுதுகிறேன்.

இதுவும் வியாழே விற்பனையும் ஒன்றல்ல. அதில் வீடு விற்றுப்போகும், வாங்கினவர் நான் சாகும்வரை மாதம் ஒரு தொகை தருவார், உங்களுக்கு வீடு மிஞ்சாது. இதில் வீடு நம் பெயரிலேயே இருக்கும். வங்கி பணம் தரும், நான் மாதத் தவணை எதுவும் கட்ட வேண்டாம். அசலும் வட்டியும் ஒன்றாகக் குவிந்து நான் போன பிறகு வரும், இல்லாவிட்டால் உயிரோடிருக்கும்போதே வீட்டை விற்றால் வரும். உடல்நலக் கேள்விகள் கிடையாது. வீட்டின் மதிப்பையும் என் வயதையும் பார்த்துத்தான் தொகை. வயது குறைவாக இருந்தால் குறைவாகத்தான் தருவார்கள், ஏனென்றால் வட்டி நிறைய நாள் குவியும்.

கணக்கைப் பார். வீட்டின் மதிப்பு 2,40,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம், வட்டி 7 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். இன்று ஐம்பதாயிரம் வாங்கினால், பத்து வருஷத்தில் அது 98,000 ஆகும். பதினைந்தில் 1,38,000. இருபதில் 1,93,000. எனக்கு 71, தொண்ணூறைத் தாண்டும் எண்ணமில்லை, ஆனால் என் அம்மாவைப் பார்த்தாயே. வட்டிக்கு வட்டி ஏறுவதால் முதல் பத்து வருஷம் மெதுவாகத் தெரியும், அதன் பிறகு ஓடும். அதனால்தான் முழுத் தொகையையும் ஒரே தடவையாக வாங்கக்கூடாது என்கிறேன். கூரைக்கு இருபதாயிரம் இப்போது, மீதியை வருஷக் கடைசியில் மூவாயிரம் மூவாயிரமாகப் பத்து வருஷத்துக்கு வாங்கினால், கையில் வருவது அதே ஐம்பதாயிரம்தான், ஆனால் பத்தாம் வருஷம் கடன் 98,000 ஆகாமல் 81,000க்குள் நிற்கும். வாங்காத பணத்துக்கு வட்டி இல்லை. ஒப்பரில் இப்படித் தவணையாகத் தருவதற்கு இடம் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். படிக்காமல் கையெழுத்து வேண்டாம்.

உங்களுக்கு முக்கியமான வரி ஒன்று. கடன் எவ்வளவு ஏறினாலும், முடிவுநாளில் வீட்டின் மதிப்பைத் தாண்டிக் கேட்க முடியாது. கடன் 1,93,000 ஆகி, அன்றைக்கு வீடு 1,80,000தான் பெறும் என்றால், அதற்கு மேல் வங்கி நஷ்டப்பட வேண்டியதுதான். உன் சம்பளத்தையும் உன் அண்ணன் சேமிப்பையும் தொட முடியாது. கடன் குறைவாக இருந்தால் மீதி உங்களுடையது. ஆனால் இந்தப் பாதுகாப்பை நாமே கெடுத்துக்கொள்ள முடியும், அதைத்தான் யாரும் சொல்வதில்லை. வீட்டைப் பராமரிக்க வேண்டும், வங்கி ஆள் வந்து பார்க்கக் கேட்டால் கதவைத் திறக்க வேண்டும், குடியிருப்பு வீடு குடியிருப்பு வீடாகவே இருக்க வேண்டும். உன் அண்ணன் முன்வாசலில் சிற்றுண்டிக்கடை போடுகிறேன் என்கிறான், அது ஒத்துவராது. கடை போட்டாலோ கதவு திறக்க மறுத்தாலோ வீட்டு மதிப்புவரைதான் என்ற வரம்பையே இழக்கலாம், கடனை உடனே கட்டு என்றும் கேட்கலாம். அவனிடம் நான் சொன்னால் முகம் திருப்பிக்கொள்கிறான். நீ சொல்.

இன்னொரு கண்ணி. நம் ஆட்கள் இங்கே எல்லாரும் செய்வது, உயிரோடிருக்கும்போதே வீட்டைப் பிள்ளைகள் பேரில் எழுதிவிட்டு, சாகும்வரை அனுபவ உரிமையை மட்டும் வைத்துக்கொள்வது. இந்தக் கடன் வாங்கிய பிறகு அதைச் செய்தால், உரிமை பிரிந்துவிட்டது என்று கடன் அப்போதே கட்ட வேண்டியதாகிவிடும். கொலோஸ் கோவிலில் யாராவது வந்து புத்தி சொன்னாலும் நான் கேட்கப்போவதில்லை, நீயும் கேட்காதே.

நான் போன பிறகு நீங்கள் செய்ய வேண்டியது மூன்றில் ஒன்று. கடனைக் கட்டி வீட்டை வைத்துக்கொள்ளலாம். கட்ட வேண்டியது கடன் அல்லது அன்றைய மதிப்பு, எது குறைவோ அது. இல்லாவிட்டால் நீங்களே விற்று, வங்கிக்குக் கொடுத்து, மீதியைப் பங்கிடலாம். இரண்டும் செய்யாவிட்டால் வங்கி வீட்டை ஏலத்துக்கு விடும், அல்லது தானே எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டாலும் மதிப்பு கடனைவிட அதிகமாக இருந்தால் வித்தியாசத்தை உங்களுக்குத் தர வேண்டும். ஏலத்தில் விலை கிடைக்காது, நீங்களே விற்பதுதான் லாபம். பதினைந்தாம் வருஷக் கடனுக்கு வட்டி மாதம் எண்ணூறு யூரோ. அண்ணனும் தங்கையும் ஒரு வருஷம் பேசாமல் இருந்தால், அந்தக் கோபத்தின் விலை கிட்டத்தட்ட பத்தாயிரம். சாவுக்குப் பிறகும் வட்டி எந்த நாள்வரை ஓடும் என்ற வரியை ஒப்பந்தத்தில் தேடிப் பார்த்துக்கொள். தள்ளிப்போடாதே. பத்திரம் எழுதுகிற நொத்தேரிடம் முதல் வாரமே போ.

இத்தனையும் எழுதியும் முக்கியமானதை இன்னும் எழுதவில்லை. பேனா நாலு தடவை நின்றது.

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் சொத்துக்கு நான் நொத்தேரிடம் போகவே இல்லை. வீட்டுப் பத்திரம் இன்னும் அவர் பேரிலும் என் பேரிலும்தான் இருக்கிறது. ஆறு மாசத்துக்குள் வாரிசு அறிக்கை தாக்கல் செய்திருக்க வேண்டும், வீடு யாருக்குப் போகிறது என்று நொத்தேர் சான்றுப் பத்திரம் எழுதியிருக்க வேண்டும். அழுகிற நாளில் யார் போவார்கள் என்று விட்டேன், அப்புறம் வெட்கத்தில் விட்டேன். உன் அண்ணன் கேட்டபோது எல்லாம் முடிந்துவிட்டது என்று பொய் சொன்னேன். உனக்கு நான் எதுவுமே சொல்லவில்லை.

ஆகவே இந்த வீட்டில் உனக்கும் பங்கு இருக்கிறது, கண்ணம்மா. பாதி என்னுடையது. அப்பாவின் பாதியில் எனக்கு ஒரு தேர்வு உண்டு, ஒன்று முழுவதன் அனுபவ உரிமை, இல்லையென்றால் கால் பங்கு முழு உரிமையாக. இன்றுவரை நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. கால் பங்கை எடுத்தால் மொத்த வீட்டில் எனக்கு எட்டில் ஐந்து. மீதியை நீயும் அண்ணனும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 45,000. அனுபவ உரிமையை எடுத்தால் அப்பாவின் பாதிக்கு உரிமையாளர்கள் நீங்கள் இருவரும், நான் சாகும்வரை இருந்து அனுபவிப்பவள் மட்டும். இரண்டில் எதுவானாலும், நான் மட்டும் கையெழுத்துப் போட்டு இந்த வீட்டை அடமானம் வைக்க முடியாது. பத்திரம் எழுதுகிற நொத்தேர் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார். சிலநேரம் ஒப்பர் கைக்கு வந்த பிறகும் கடன் நின்றுபோவது இதனால்தான்.

வழி இருக்கிறது. முதலில் அப்பாவின் சொத்து விஷயத்தை முடிக்க வேண்டும். வரிக்குப் பயப்பட வேண்டாம். அவருடைய பாதி 1,20,000, அவர் வங்கிக் கணக்கில் பெரிதாக ஒன்றுமில்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் சொத்தில் 1,00,000 வரை விலக்கு, உங்கள் இருவருக்கும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். நொத்தேர் கட்டணமும் பதிவுச் செலவும் இருக்கும். பிறகு நீங்கள் இருவரும் என்னோடு சேர்ந்து அடமானத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும், வங்கியும் அதை ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கும் பாகப்பிரிவினை, அதற்குப் பங்கிடும் மதிப்பில் 2.5 சதவீதம் அரசுக்குப் போகும். முதல் வழியில் உன் பங்கும் அடமானத்துக்குள் போகிறது என்பதை மறைக்கமாட்டேன். உன் பிள்ளைக்கு வர வேண்டியதிலிருந்துதான் கூரை போடுகிறேன்.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். தார்ப்பாயை மாற்றிப் போடத் தெரியும் எனக்கு. பதில் சொல்லாமல் மட்டும் இருக்காதே. சம்மதம் என்றால் விமானச் சீட்டு வாங்காதே, லியோனிலேயே ஒரு நொத்தேரிடம் உனக்குப் பதிலாக இங்கே கையெழுத்துப் போட அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பலாம். பிறப்புச் சான்றிதழ் புதிதாக எடு, மாப்பிள்ளையோடு திருமண ஒப்பந்தம் இருந்தால் அதன் பிரதி. திருமண நிலை மாறியிருந்தால் அதையும் நொத்தேரிடம் சொல்லிவிடு, அவருக்குத் தெரிய வேண்டும். எனக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஒப்பர் குறைந்தது முப்பது நாள் செல்லுபடியாகும், அதில் ஒன்பது போய்விட்டது. ஞாயிறு ராத்திரி போன் செய்கிறேன். உனக்கு ஆறு மணி, எனக்கு ஒன்பது. மேலே தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டால் பயப்படாதே, கீழே வாளி வைத்திருக்கிறேன்.

உன் அம்மா