மின்னல் அம்பு எங்கே போய் முடிய வேண்டும்?

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மாணவர் பக்கத்தில் வந்த நைட்ரஜன் சுழற்சிப் படத்தைப் பார்த்தேன். வண்ணமெல்லாம் அருமை. ஆனால் மேகத்திலிருந்து கிளம்பும் மின்னல் அம்பு நேராகச் செடியின் இலையில் போய்க் குத்துகிறது. உயிரியல் பாடம் எடுப்பவன் என்பதால் விடைத்தாள்களில் ஆண்டுதோறும் பார்த்துச் சலித்த தவறு இது. அச்சிலும் வந்துவிட்டால் யாரைத் திருத்துவது?

மின்னலின் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது. அது மேலும் ஆக்சிஜனோடு சேர்ந்து, மழைநீரில் நைட்ரிக் அமிலமாகக் கரைந்து, மண்ணுக்கு வந்து நைட்ரேட் ஆகிறது. ஆகவே அம்பு மண்ணில் உள்ள 'நைட்ரேட்' கட்டத்தில்தான் முடிய வேண்டும். அங்கிருந்து வேருக்கு வேறொரு அம்பு. மின்னல் அம்பை மெல்லிசாகவே போடலாம். பாக்டீரியாக்கள் பிடித்துத் தரும் நைட்ரஜனில் பத்தில் ஒரு பங்குகூட மின்னலால் வருவதில்லை. படத்தில் அதுதான் ஆகத் தடித்த அம்பு!

அடுத்தது, 'மண் பாக்டீரியா' என்ற அந்த ஒற்றை வட்டம். எல்லா அம்புகளும் அதற்குள் போய் வெளியே வருகின்றன. உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்பது தெரியவே இல்லை. ஒரு உதிர்ந்த இலையை எடுத்துக்கொள்வோம். அதன் புரதத்தைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் அதை அம்மோனியமாக்குகின்றன. நைட்ரோசோமோனாஸ் அதை நைட்ரைட் ஆக்கும். நைட்ரைட்டை நைட்ரோபாக்டர் நைட்ரேட் ஆக்கும். செடி நைட்ரேட்டையும் எடுக்கும், அம்மோனியத்தையும் எடுக்கும். ஆக, மண்ணுக்குள் மூன்று கட்டங்கள் வரைந்து, அவற்றை இணைக்கும் அம்புகளின் மேல் அந்தந்த பாக்டீரியாவின் பெயரை எழுதினால் போதும். பெயர் அம்பின் மேல் இருக்க வேண்டும், கட்டத்துக்குள் அல்ல. கட்டம் பொருளுக்கு, அம்பு வேலைக்கு.

ரைசோபியம் பாக்டீரியாவை மட்டும் தனியாக, அவரைக் குடும்பச் செடியின் வேர் முடிச்சுக்குள் வரைய வேண்டும். காற்றிலிருந்து வரும் அம்பு அந்த முடிச்சில் முடியட்டும். அது தரும் அம்மோனியா நேரே செடிக்குப் போகிறது, பதிலுக்குச் செடி சர்க்கரை தருகிறது. நன்றாக வேலை செய்யும் முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறத்தையே பூசிவிட்டால் பிள்ளைகளுக்கு மறக்காது.

அப்புறம், நைட்ரேட்டிலிருந்து காற்றுக்குத் திரும்பும் அம்பையே காணோம். நீர் தேங்கி ஆக்சிஜன் குறைந்த மண்ணில் சூடோமோனாஸ் போன்றவை நைட்ரேட்டை மீண்டும் நைட்ரஜன் வாயுவாக்குகின்றன. அந்த அம்பு இல்லாததால் உங்கள் படத்தில் நைட்ரஜன் மண்ணுக்கு வந்துகொண்டே இருக்கிறது, திரும்பிப் போக வழியில்லை. திருத்திய படத்தை அடுத்த இதழில் வெளியிட்டால் வகுப்பறைச் சுவரில் ஒட்டிக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியர்