அக்டோபர் வெப்பநிலை அறிக்கையில் தேதியும் நேரமும் தவறாகப் பதிவானது குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

ஐயா / அம்மா, வணக்கம்.

தூத்துக்குடியில் உறைய வைத்த இறாலை ஏற்றுமதி செய்கிறோம். எங்கள் கிடங்கிலும், நியூஜெர்சியில் சரக்கை இறக்கி வைக்கும் கிடங்கிலும் உங்கள் லாகர்கள்தான் அரை மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதிகின்றன. இரண்டு கோப்புகளையும் உங்கள் தளம் ஒன்றாக்கி மாத அறிக்கை தருகிறது. நவம்பர் 5 அன்று வந்த அறிக்கையில் 2024 டிசம்பர் 10-ஆம் தேதிக்கான வெப்பநிலை இருந்தது. இன்னும் வராத நாளுக்கு எப்படி அளவு வரும் என்று பார்க்கப் போய்த்தான் மற்ற எல்லாம் தெரிய வந்தது.

உங்கள் மென்பொருள், அது ஓடும் கணினியின் வட்டார அமைப்பைப் பார்த்துத் தேதியை எழுதுகிறது. எங்கள் கணினியில் நாள் முன்னால், நியூஜெர்சியில் மாதம் முன்னால். தளமோ எல்லாவற்றையும் மாதம் முன்னால் என்றே படிக்கிறது. 13/10 போல அப்படிப் படிக்க முடியாதபோது மட்டும் பிழை எதுவும் காட்டாமல் நாளையும் மாதத்தையும் மாற்றிக்கொள்கிறது. அதனால் 13 முதல் 31 வரை சரியாக இருக்க, முதல் 12 நாட்களில் 10/10 தவிர்த்த 11 நாட்கள் ஒவ்வொரு மாதத்தின் 10-ஆம் தேதிக்கும் சிதறிவிட்டன. நாளுக்கு 48 வீதம் 528 பதிவுகள். பாதி சரியாக இருப்பதால்தான் இந்தத் தவறு கண்ணில் படுவதில்லை.

இன்னொன்றைச் சொல்கிறேன், தயவுசெய்து உங்கள் பொறியாளரிடம் காட்டுங்கள். அக்டோபர் 3 அதிகாலை 02:00, 02:30 ஆகிய இரண்டு பதிவுகள் மட்டும் அறிக்கையில் வெற்றாக இருந்தன. லாகரில் எடுத்துப் பார்த்தால் அளவுகள் பத்திரமாக இருக்கின்றன. காரணம் இதுதான்: 03/10/2024 என்பதைத் தளம் மார்ச் 10 என்று படித்தது. எங்கள் கணக்கின் நேர மண்டலம் வாங்குபவருக்காக நியூயார்க் என்று வைக்கப்பட்டிருக்கிறது. 2024 மார்ச் 10 அன்று அமெரிக்காவில் கோடை நேரம் தொடங்கி, கடிகாரம் 1:59-லிருந்து நேராக 3:00-க்குப் போனது. இல்லாத ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் பதிவுகளைத் தள்ளிவிட்டு, பிறகு அவற்றை அழித்திருக்கிறீர்கள்.

தேதி சரியாக இருந்த நாட்களிலும் நேரம் சரியில்லை. அக்டோபர் 17 பிற்பகல் 2:30-க்கு மின்தடையால் வெப்பநிலை சற்று ஏறியது. ஜெனரேட்டர் பதிவேட்டிலும் அதே நேரம் இருக்கிறது. அறிக்கையில் அது நியூயார்க் நேரம் 2:30 என்று இருக்கிறது. அதாவது நம் நேரப்படி நள்ளிரவு 12 மணி. தணிக்கையாளர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, பதிவேடு பொய்யா என்று எங்களைக் கேட்டார். ஜெனரேட்டரைப் போட்டு, நேரத்தைத் தன் கையால் எழுதி வைத்த ஊழியருக்கு அந்தக் கேள்வி எவ்வளவு வலித்திருக்கும்!

உங்கள் உதவி மையத்தில் சொன்னபடி 'நாள் முன்னால்' என்ற அமைப்புக்கு மாற்றினேன். எங்கள் தேதிகள் சரியாயின. ஆனால் நியூஜெர்சியின் 11/03 மார்ச் 11 ஆகிவிட்டது. இரண்டு வடிவங்கள் கலந்த கோப்புக்கு ஒரே அமைப்பு எப்படிப் போதும்? கடைசியில் மூலக் கோப்புகளைத் தனித்தனியாக எடுத்து நானே சரிசெய்தேன். எங்கள் கோப்புக்கு இவ்வளவுதான் தேவைப்பட்டது:

```python
t = pd.to_datetime(df["time"], format="%d/%m/%Y %H:%M")
t = t.dt.tz_localize("Asia/Kolkata").dt.tz_convert("UTC")
```

நியூஜெர்சி கோப்புக்கு `%m/%d/%Y`, `America/New_York`. அப்புறம் நவம்பர் 3. அன்று கோடை நேரம் முடிந்ததால் அங்கே 01:00-உம் 01:30-உம் இரண்டு முறை வரும். அன்றைக்கு மட்டும் 50 பதிவுகள். மூலக் கோப்பில் இரண்டும் வரிசையாக இருப்பதால் `ambiguous="infer"` என்று கொடுத்தால் பிரித்துவிடலாம். உங்கள் தளத்திலோ 48 தான் இருக்கின்றன. திரும்ப வந்த நேரத்தை நகல் என்று நினைத்து நீக்கியிருக்கிறீர்கள். நீக்கிய பிறகு, மிஞ்சியது முதல் 01:30-ஆ இரண்டாவதா என்று தளத்தின் கோப்பை வைத்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

எனவே, அக்டோபர் அறிக்கையை மூலக் கோப்புகளிலிருந்து மறுபடி தயாரித்து, தவறு தளத்துடையது என்று எழுத்தில் தாருங்கள். வாங்குபவரிடமும் தணிக்கையாளரிடமும் அதைக் காட்ட வேண்டும். இனி லாகர் மென்பொருளே `2024-10-03T02:30:00+05:30` என்ற வடிவில் எழுதட்டும். IST என்று மட்டும் போட வேண்டாம், இஸ்ரேலும் அயர்லாந்தும்கூட அதே எழுத்துகளைப் பயன்படுத்துகின்றன. லாகர் எழுதிய மூல வரியைத் தனி நெடுவரிசையில் அப்படியே வைத்திருங்கள். படிக்க முடியாத தேதி வந்தால் ஊகிக்காமல் பிழை காட்டுங்கள்.

அடுத்த கன்டெய்னர் இரண்டு வாரத்தில் கிளம்புகிறது. அதற்குள் திருத்திய அறிக்கை கைக்கு வர வேண்டும். அக்டோபர் மாதச் சந்தாவையும் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இரண்டு மூலக் கோப்புகளையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தரக்கட்டுப்பாட்டு அலுவலர்,
தூத்துக்குடி