ஜோக்கரைக் காப்பாற்றிய கடைசிக் கட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காமிக்ஸ் நாயகன் பேட்மேன் ஏன் யாரையும் கொல்வதில்லை என்று சென்ற இதழில் வந்த கட்டுரை, பெற்றோரைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தவன் என்பதோடு நின்றுவிட்டது. அது கதைக்குள் சொல்லப்படும் காரணம். ஆனால் பேட்மேன் கொல்லாதவனாகப் பிறக்கவில்லை. 1939 மே மாதம் வந்த முதல் கதையிலேயே அவன் விட்ட குத்தில் ஒருவன் அமிலத் தொட்டிக்குள் விழுந்து சாகிறான். அவனுக்கு இது தகுந்த முடிவுதான் என்று சொல்லிவிட்டு நம் நாயகன் நகர்ந்துவிடுகிறான்!

1940-இல் பேட்மேன் பெயரிலேயே தனி இதழ் தொடங்கியது. அதன் முதல் இதழில் ஒரு கதையில் பேட்மேன் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் ஒரு லாரியைச் சுடுகிறான். அதற்குப் பிறகுதான் பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் துப்பாக்கியும் கொலையும் வேண்டாம் என்று கறாராகச் சொன்னார். பேட்மேனுக்குத் துணையாக வரும் சிறுவன் ராபின் அப்போதுதான் கதைக்குள் வந்திருந்தான்; வாங்கிப் படித்தவர்களும் சிறுவர்கள்.

அதே முதல் இதழில் வில்லன் ஜோக்கர் இரண்டு கதைகளில் வருகிறான். இரண்டாவதில் தன் கத்தி தன் மேலேயே பாய்ந்து அவன் சாவதாகத்தான் எழுதியிருந்தார்கள். இவ்வளவு நல்ல வில்லனை ஒரே இதழில் வீணாக்குவதா என்று எல்ஸ்வொர்த் தடுத்தார். அவன் பிழைத்துக்கொள்வான் என்று மருத்துவர் சொல்லும் கட்டம் ஒன்று கடைசியில் சேர்க்கப்பட்டது. மாதாமாதம் வர வேண்டிய தொடருக்கு நல்ல வில்லன்தான் மூலதனம். நாயகன் கொலை செய்யத் தொடங்கினால் அந்த மூலதனம் கரைந்துபோகும்.

வில்லன் வங்கிக் கொள்ளையோடும் கோமாளித்தனத்தோடும் நின்றவரை இந்த விதி யாரையும் உறுத்தவில்லை. 1973-இல் ஜோக்கரை மறுபடி கொலைகாரனாக்கினார்கள். சிக்கல் அங்கே தொடங்கியது. பிணம் விழ விழ, இவனை பேட்மேன் ஏன் விட்டுவைக்கிறான் என்று வாசகன் கேட்கிறான். அடுத்த ஆண்டு ஆர்க்கம் மனநல விடுதி கதைக்குள் வந்தது. பித்தன் என்பதால் தூக்கு கிடையாது, விடுதி என்பதால் தப்பிவிடலாம். கெட்டிக்கார ஏற்பாடுதான், ஆனால் பத்தாவது முறை தப்பும்போது நாயகனே முட்டாளாகத் தெரிகிறான்.

1988-இல் இது உச்சத்துக்குப் போனது. ராபின் வேடத்தை இரண்டாவதாக ஏற்ற சிறுவன் ஜேசன் டாட் சாக வேண்டுமா என்று தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தினார்கள். சாகட்டும் என்று 5,343 பேர், பிழைக்கட்டும் என்று 5,271 பேர். வெறும் 72 வாக்கில் ஜோக்கர் கையால் பையன் செத்தான். இதற்குப் பிறகும் பேட்மேன் சும்மா இருந்தால் நம்ப முடியாது. கொன்றால் தொடருக்கு நஷ்டம். அதனால் ஜோக்கர் போன ஹெலிகாப்டரைக் கடலில் விழவைத்து, உடல் கிடைக்கவில்லை என்று முடித்தார்கள். நாயகன் கையும் சுத்தம், வில்லனும் பத்திரம்.

ஒருமுறையாவது கொன்றால் என்ன என்று உங்கள் கட்டுரையாளர் கேட்கிறார். 1989-இல் வந்த திரைப்படத்தில் ஜோக்கர் பேட்மேனால்தான் சாகிறான். அந்தப் படத்துக்கு அடுத்த மாத இதழ் என்ற கவலை இல்லை.

இப்படிக்கு,
ஒரு காமிக்ஸ் வாசகர்,
கும்பகோணம்.