கடைக்குள் பதினைந்து நிமிடம்: கலாவுக்கு ஒரு கடிதம்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கு ரொம்ப நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே பெரியவன் பி.யூ. இரண்டாம் வருஷம். அவர் வழக்கம்போல விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறார், கடை என் பொறுப்பு.

உன் மேட்சிங் சென்டரில் மூன்று பெண்கள் வேலைக்கு இருந்தும் எது விற்கிறது, எது விற்கவில்லை என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை என்று எழுதியிருந்தாய். நாங்கள் வாரா வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு கடைக்குள்ளேயே பதினைந்து நிமிடம் கூடிப் பேசுகிறோம். அதைப் பற்றி விவரமாகவே எழுதுகிறேன்.

நாளும் நேரமும் யோசித்து வைத்தவை. மளிகைக் கடைக்குச் சனி, ஞாயிறுதான் உயிர். அந்தக் கணக்கு திங்கட்கிழமை இரவு கைக்கு வந்துவிடும், நடந்தது எல்லோருக்கும் செவ்வாய் வரை ஞாபகமும் இருக்கும். இரண்டரைக்குக் கூட்டம் இருக்காது, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு கல்லாப் பக்கம் நின்றபடியே பேசுவோம். உட்கார்ந்தால் டீ வரும், அப்புறம் அரை மணி நேரம் ஆகிவிடும். காலையில் சீக்கிரம் வரச் சொல்லியோ, ராத்திரி நிறுத்தி வைத்தோ இதை நடத்தாதே. அவர்களுடைய சொந்த நேரத்தை எடுத்தால் ஒருவரும் மனதுவிட்டுப் பேச மாட்டார்கள்.

முதலில் போன வாரம் ஒப்புக்கொண்ட வேலைகள் முடிந்ததா என்று கேட்போம். அதற்கு இரண்டு நிமிடம் போதும். அடுத்தது விற்பனை. மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. அதனால் மொத்தம், எத்தனை பில், ஒரு பில்லுக்குச் சராசரி எவ்வளவு என்று மூன்றை மட்டும் அட்டையில் எழுதுகிறேன். இதைப் போன வாரத்தோடு ஒப்பிடக் கூடாது. சம்பளம் வந்த முதல் வாரம் எப்போதும் தூக்கலாக இருக்கும், மூன்றாம் வாரம் படுத்துவிடும். அதனால் போன மாதம் அதே வாரத்தோடு ஒப்பிடுகிறேன். சோமேஸ்வரர் கோயில் பல்லக்கு உற்சவ வாரம், வரலட்சுமி நோன்பு வாரம் எல்லாம் எதோடும் சேராது, அவற்றை விட்டுவிடுவேன்.

சமீபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் இரண்டாம் வாரம் 1,100 பில், மொத்தம் 2,31,000 ரூபாய், அதாவது பில்லுக்கு 210. இந்த மாதம் அதே வாரம் 1,095 பில், பில்லுக்கு 204 ரூபாய்தான். ஆட்கள் வராமல் போகவில்லை, வந்தவர்கள்தான் குறைவாக வாங்கியிருக்கிறார்கள். பில் எண்ணிக்கை குறைந்திருந்தால் தெருவில் புதுக் கடை, ரோடு வேலை என்று வெளியே காரணம் தேடலாம். சராசரி குறைந்தால் நம் அலமாரியைத்தான் பார்க்க வேண்டும்.

அப்போதுதான் 'இல்லை' நோட்டை எடுத்தோம். கல்லா பக்கத்தில் நூல் கட்டித் தொங்கும் நாற்பது பக்க நோட்டு அது. யாராவது ஒரு பொருள் கேட்டு நாம் இல்லை என்று சொன்னால், பொருளின் பெயர், கிழமை, நேரம் மூன்றையும் உடனே அதில் குறிக்க வேண்டும். அந்த வாரம் இட்லி மாவு வெள்ளி மூன்று முறை, சனி பதினொரு முறை, ஞாயிறு ஒன்பது முறை வந்திருந்தது. சனிக்கிழமை எல்லாமே சாயங்காலம் ஐந்துக்கு மேல். மாவு வாங்க வருபவர் தேங்காய், பொட்டுக்கடலை, கொத்தமல்லி என்று சேர்த்து எடுப்பார். மாவு இல்லை என்றால் அதுவும் போகும். வாரம் முழுக்கக் குறைந்த பணத்துக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கண்ணில் பட்ட முதல் காரணம் இதுதான்.

பில் போடும் லட்சுமி, "பத்து பாக்கெட் கூடப் போடச் சொல்லலாம்க்கா" என்றாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பாக்கெட் 42 ரூபாய்க்கு வாங்கி 50-க்கு விற்கிறோம். மிஞ்சினால் மாவுக்காரர் திரும்ப எடுப்பதில்லை, மறுநாள் புளித்துவிடும். ஒரு பாக்கெட் வீணானால் ஐந்து பாக்கெட் விற்ற லாபம் போச்சு. இந்தக் கணக்கை எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டினேன். அப்புறம் டெலிவரிக்குப் போகும் வெங்கடேஷ் மெதுவாகச் சொன்னான்: பின் தெருவில் உள்ள பி.ஜி. விடுதிச் சமையல்காரர் இப்போதெல்லாம் சனிக்கிழமை மத்தியானம் வந்து மொத்தமாகப் பன்னிரண்டு பாக்கெட் அள்ளிக்கொண்டு போகிறாராம். அந்த நேரம் நான் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருப்பேன், கல்லாவில் லட்சுமிக்குச் சாப்பாட்டு மாற்று ஆள் இருப்பான். வெங்கடேஷைத் தவிர யாருக்கும் அது தெரியவில்லை.

சரி, வழி கிடைத்துவிட்டது. விடுதிக்காரர் வெள்ளி இரவு எட்டு மணிக்குள் போனில் எண்ணிக்கை சொல்ல வேண்டும், அதைத் தனியாக ஆர்டர் போடுவோம், கடை மாவைத் தொட மாட்டோம். கேட்டு வாங்கிய எண்ணிக்கை என்பதால் மிஞ்சும் பயம் இல்லை. அட்டையில் எழுதியது இவ்வளவுதான்: 'விடுதியில் பேசுவது, வெங்கடேஷ், புதன்.' வேலை, ஒரே ஒரு பெயர், ஒரு கிழமை. 'பார்த்துக்கலாம்', 'எல்லோரும் கவனிக்கணும்' என்பதையெல்லாம் எழுத விடமாட்டேன், இரண்டு பெயர் எழுதினால்கூட யாரும் செய்ய மாட்டார்கள். அடுத்த சனிக்கிழமை நோட்டில் மாவு இரண்டு முறைதான் இருந்தது.

ஒரு வாரத்துக்கு ஒரு பிரச்சினைதான். மற்றவை நோட்டிலேயே காத்திருக்கும். மூன்றை எடுத்தால் மூன்றும் அரைகுறையாகும்.

இதில் நான் கறாராக இருக்கும் இடம் ஒன்று உண்டு. கல்லாவில் பணம் குறைந்தது, ஒருவர் தாமதமாக வந்தது, அட்வான்ஸ் கேட்டது எதையும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் எடுக்க மாட்டேன். அதைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவேன். நாலு பேர் முன்னால் ஒருத்தியைக் கேட்டுவிட்டால், அடுத்த வாரம் நோட்டு காலியாக இருக்கும். காலி நோட்டு என்றால் கடையில் எல்லாம் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, எழுதுவதை நிறுத்திவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். அதேபோல முதலாளி கடைசியில்தான் கருத்துச் சொல்ல வேண்டும். நான் முதலில் வாயைத் திறந்திருந்தால் வெங்கடேஷ் அந்த விடுதி விஷயத்தைச் சொல்லியே இருக்க மாட்டான். குடோனில் இருக்கும் பையனுக்கு இந்திதான் வரும், அவனுக்கு லட்சுமி இந்தியில் சொல்வாள், அவன் பதில் சொல்லும் வரை காத்திருப்போம். சரக்கு எந்த மூலையில் கெடுகிறது என்று அவனுக்குத்தானே தெரியும்.

உன் கடையில் மாவுக்குப் பதில் லைனிங் துணி, ஃபால்ஸ், மேட்சிங் நூல் என்று வைத்துக்கொள். 'பச்சை இல்லை' என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை, கிளிப்பச்சையா, பாட்டில் பச்சையா என்று எழுதச் சொல். புடவையையே கையில் கொண்டு வருபவர்களிடம் கேட்டு ஓரத்து நூல் ஒன்றை நோட்டில் ஒட்டிவைத்தால் இன்னும் நல்லது, கொள்முதலுக்குப் போகும்போது அதைக் காட்டியே வாங்கலாம். உனக்கு முகூர்த்த மாதமும் ஆடி மாதமும் ஒன்றாகாது, அதனால் போன வருஷத்து அதே மாதக் கணக்கு இருந்தால் அதோடு ஒப்பிடு.

முதல் இரண்டு மூன்று வாரத்து நோட்டுப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு, உட்கார்ந்து பார்ப்போம். தை மாதம் ஊருக்கு வருகிறோம், அம்மாவிடம் சொல்லிவை.

அன்புடன்,
சரோஜா