கதவுச் சாமான் கணக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பின பட்டியல் கிடைத்தது. தாளில் பத்தி பத்தியாகப் பிரித்து அழகாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் "கீல் 12" என்று ஆசாரி சொன்னதை அப்படியே எழுதிவிட்டாயே! 6 கதவை 2-ஆல் பெருக்கியிருக்கிறார். 7 அடி உயரக் கதவுக்கு 2 கீல் பற்றாது. நடுவில் பிடிப்பில்லாவிட்டால் மழைக்காலத்தில் பலகை அங்கே வளைந்து நிலையோடு சேராமல் நிற்கும். கதவுக்கு 3 போடு.

வரைபடத்தில் கதவுக் குறியைப் பார்த்து எண்ணு. டி முன்வாசல், மூன்றரை அடி தேக்கு, கனம். அதற்கு மட்டும் 5 அங்குலக் கீல் 4. டி1 மூன்று இடத்தில் இருக்கிறது, படுக்கையறை 2, அடுக்களைப் பின்கதவு 1. 4 அங்குலக் கீல் 9. டி2 குளியலறை 2, அதற்கு 6. அந்த ஆறும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதன் ஸ்க்ரூவும் அதுவே. இரும்பு ஸ்க்ரூ போட்டால் ஈரத்தில் முதலில் அதன் தலைதான் துருப்பிடிக்கும்.

தாழ்ப்பாள்: முன்வாசலுக்கு 12 அங்குலம் 1. படுக்கையறைகளுக்கு 8 அங்குலம் ஒவ்வொன்று, பின்கதவுக்கு மேலும் கீழும் 2, ஆக 4. குளியலறைக்கு 6 அங்குலம் 2. பின்கதவுக்கு வெளியே ஆல்டிராப் 1.

ஸ்க்ரூவில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். கீல் கதவின் விளிம்பில் ஏறுகிறது, அங்கே ஒன்றேகால் அங்குலம் போகலாம். தாழ்ப்பாள் கதவின் முகத்தில். உள்ளறைக் கதவுப் பலகை 30 மி.மீ. தடிமன்தான், ஒன்றேகால் அங்குலம் போட்டால் மறுபக்கம் முனை வெளியே வரும். அதற்கு முக்கால் அங்குலம். ஒரே பெட்டியை வாங்கி எல்லாவற்றுக்கும் போட விடாதே. 4 அங்குலக் கீலில் 8 துளை, டி1-க்கு 72, டி2-க்கு 48. முன்வாசல் கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும், கடையில் பொருளைக் கையில் வைத்துத் துளையை எண்ணு. நிலையில் பதிக்கும் சிறு பட்டையின் துளையும் சேர்த்தி.

துளை போட்டுத்தான் திருக வேண்டும், கூட நின்று பார். சுத்தியலால் முக்கால்வாசி அடித்து இறக்கிவிட்டு மீதியைத் திருகுவார்கள். மரத்தின் நார் கிழிந்துவிடும். பூட்டுப் பக்கத்துக் கீழ் மூலை தரையில் கோடு போட ஆரம்பித்தால், மேல் கீலின் ஸ்க்ரூ ஆடுகிறது என்று அர்த்தம்.

முந்தின வரைபடத்தில் டி1 நாலு இருந்தது. கீழே வாசலை ஒட்டிய அறை. இதில் மூன்றுதான். அம்மா கேட்டாள், எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். பணம் இழுக்கிறதா, வேறு யோசனையா, நீ சொன்னால் போதும், எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. ஸ்க்ரூவுக்குத் துளை போட்டுத்தான் திருகச் சொல், மறக்காதே.

நான் மூன்றுக்குத்தான் எண்ணியிருக்கிறேன். அந்த அறை உண்டென்றால் கீல் 3, 8 அங்குலத் தாழ்ப்பாள் 1 சேர்த்துக்கொள். டி1-க்குச் சொன்ன ஸ்க்ரூ 72 என்பது 96 ஆகும். உடைகிறதுக்குப் பத்து சேர்த்தால் 100 உள்ள ஒரு பெட்டி போதாது. வாங்கப் போவதற்கு முன்னால் ஒரு போன் பண்ணு.

அப்பா